பழைய குடும்பப் படத்தை முகம் மாறாமல் மெல்ல அசைய வைக்க: பிராம்ப்ட் எழுதும் முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் 1971-ல் திண்ணை முன்னால் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. நடுவில் தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றி ஐந்து பேர், இடது மேல் மூலையிலிருந்து நடுவில் இருப்பவர்கள் தலைப்பக்கம் வரை நீளும் ஒரு வேப்பங்கிளை. சித்தப்பா மகன் அதை நிலைப்படத்தை வீடியோவாக்கும் ஓர் ஏஐ கருவியில் ஏற்றி, ஐந்து நொடி வீடியோவாக்கி அத்தையிடம் காட்டினான். பாட்டி பல் தெரியச் சிரித்துக் கையசைத்தார். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா சிரிப்பு இல்லடா, யாரோ ஒருத்தி சிரிக்கிறா" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதே படத்தை நான் பல முறை செய்து பார்த்தேன். அப்புறம் உறவினர்கள் சிலருக்கு அவர்கள் வீட்டுப் படங்களைச் செய்யவும் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். முகம் கெடுவதற்குப் பாதிக் காரணம், பிராம்ப்ட், அதாவது என்ன அசைய வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் வரிகளை, எழுதுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் முகத்தை அளந்து பாருங்கள்

இந்தக் கருவிகள் உங்கள் படத்தை அப்படியே அசைப்பதில்லை. படத்தைச் சுருக்கி, தங்களுக்குள் ஒரு சிறு கட்ட வடிவமாக மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஃப்ரேமையும் அதிலிருந்து புதிதாக வரைகின்றன. உதாரணமாக, வான் 2.1 என்ற, யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய வீடியோ ஏஐ மாதிரியில் நீளவாக்கில் எட்டு பிக்சல், அகலவாக்கில் எட்டு பிக்சல் சேர்ந்து ஒரே கட்டமாகிறது. முகம் எத்தனை கட்டத்தில் அடங்குகிறதோ, அவ்வளவுதான் கருவிக்கு அந்த முகத்தைப் பற்றித் தெரியும். மீதியை அது தானாகக் கற்பனை செய்து நிரப்பும்.

எங்கள் படத்தின் கணக்கைப் பாருங்கள். அச்சு 6 அங்குல அகலம், பாட்டியின் முகம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் முழு அகலம் 3600 பிக்சல், முகம் 236 பிக்சல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவி அதை 1280 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும்போது முகம் 84 பிக்சல் ஆகிறது, அதாவது பத்துக் கட்டங்கள். 832 அகலத்தில் வேலை செய்யும் சிறிய அளவில் ஏழே கட்டங்கள். பாட்டியின் மூக்குத்தி, புருவ வளைவு, தாடையில் இருக்கும் சிறு குழி எல்லாம் ஏழு கட்டத்துக்குள் நிற்காது. சித்தப்பா மகனின் வீடியோவில் வந்த 'யாரோ ஒருத்தி' அங்கேதான் பிறந்தாள்.

இதற்குத் தீர்வு, குழுப் படத்தை முழுதாக ஏற்றாமல் இருப்பது. தாத்தா, பாட்டி இருவர் மட்டும் வரும்படி இரண்டரை அங்குல அகலத்துக்கு வெட்டினேன். அதே 1280 அகலத்தில் இப்போது முகம் 200 பிக்சல், இருபத்தைந்து கட்டங்கள். என் அனுபவத்தில், 720 பிக்சல் உயர வீடியோவில் நெற்றி உச்சியிலிருந்து தாடை வரை 180 பிக்சலாவது இருந்தால் முகம் பெரும்பாலும் நிற்கிறது. 100-க்குக் கீழே போனால் எந்த பிராம்ப்ட்டும் காப்பாற்றுவதில்லை.

சுலபமாகப் பார்க்க வேண்டுமானால், வெட்டிய படத்தின் உயரத்தில் முகம் நாலில் ஒரு பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு பேரும் வேண்டும் என்றால் மூன்று வெட்டுகளாகச் செய்து, வீடியோக்களை அடுத்தடுத்து ஓடவிடுங்கள். முழுக் குழுவையும் ஒரே காட்சியில் அசைக்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் கடைசியில் இதற்குத்தான் வந்தார்கள்.

2. ஸ்கேன், தூசி, ஓரம்

600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால், ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையிலிருந்து படத்தை வெளியே எடுத்து, ஜன்னல் ஓரம் நேரடி வெயில் படாத இடத்தில் வைத்து, நேர்மேலிருந்து போனில் எடுங்கள். உறையோடு எடுத்தால் அதன் பளபளப்பு ஒரு வெள்ளைத் திட்டாக விழும். கருவி அதை வெளிச்சம் என்று நினைத்து முகத்தின் மேலே நகர்த்தும்.

பழைய படங்களைச் சுற்றி இருக்கும் வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுங்கள். ஓரம் இருந்தால் கருவி இதை மேஜைமேல் கிடக்கும் ஒரு தாள் என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது ஆட்கள் அசையாமல் தாள் அசையும், இல்லாவிட்டால் கேமரா தாளை நோக்கி நகரும். வெட்டும்போதே வீடியோவின் விகிதத்துக்கு, 16:9 அல்லது 9:16 என்று வெட்டுங்கள். நீங்கள் வெட்டாவிட்டால் பல கருவிகள் தாங்களாக வெட்டும், அதில் யாருடைய தலை போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

கீறல்களையும் வெள்ளைப் புள்ளிகளையும் பின்னணியிலும் உடையிலும் மட்டும் துடையுங்கள். நீளமான கீறலைக் கருவி நூல் என்றோ மழைத்தாரை என்றோ படித்து அசைக்கும், அதனால் அவை போயே ஆக வேண்டும். முகத்தில் இருப்பதைத் தொடும்போது ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். அது கீறலா, மச்சமா என்று சந்தேகம் வந்தால் அந்த முகத்தை அறிந்த ஒருவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இங்கே பெரும்பாலானோர் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். படம் மங்கலாக இருக்கிறதே என்று, முகத்தைக் கூர்மையாக்கும் செயலியில் முதலில் போடுகிறார்கள். அந்தச் செயலிகள் மங்கிய கண்ணைத் தெளிவாக்குவதில்லை, அந்த இடத்தில் பொருத்தமான வேறொரு கண்ணை வரைகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீடியோ தொடங்கும் முன்பே பாட்டி வேறு ஆளாகிவிட்டிருப்பார், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அந்த வேறு ஆளைத்தான் பாதுகாப்பீர்கள். மங்கல் மங்கலாகவே இருக்கட்டும். வண்ணம் ஏற்றுவதையும் இந்தக் கட்டத்தில் செய்யாதீர்கள். தோலில் ஏற்றிய வண்ணம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறி, முகம் அசைவது போன்ற ஒரு மயக்கத்தைத் தரும்.

3. எதை அசைப்பது என்று படத்திடம் கேளுங்கள்

பிராம்ப்ட் எழுதும் பெட்டியைத் திறக்கும் முன்னால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இந்தப் படத்தில் காற்று இருந்தால் எது அசையும்? ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் எது அசையும்?

எங்கள் படத்தில் முதல் கேள்விக்குப் பதில் வேப்பிலை. இரண்டாவதற்குப் பதில் மூச்சு, அதாவது தோளும் மார்பும் ஒரு துளி ஏறி இறங்குவது. அவ்வளவுதான். இந்த இரண்டே ஒரு படத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று கண்ணை நம்பவைக்கப் போதும்.

ஸ்டுடியோவில் வரைந்த திரைக்கு முன்னால் எடுத்த படம் என்றால் கவனம் தேவை. அங்கே காற்று கிடையாது. புடவை முந்தானை பறந்தால், திரையில் வரைந்த தென்னை மரமும் சேர்ந்து ஆடத் தொடங்கும். அத்தகைய படத்துக்கு மூச்சும், வெளிச்சத்தில் மிகச் சிறிய ஏற்ற இறக்கமும் மட்டும் கேளுங்கள்.

முகத்தில் எதைக் கேட்கக் கூடாது என்பதற்கு ஒரே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். அந்த அசைவுக்குத் தேவையானது படத்தில் ஏற்கெனவே தெரிகிறதா? வாய் மூடியிருக்கும் படத்தில் சிரிக்கச் சொன்னால் கருவி பல்லை வரைந்தாக வேண்டும், பாட்டியின் பல்வரிசை அதற்குத் தெரியாது. நேராகப் பார்க்கும் முகத்தைத் திருப்பச் சொன்னால் காதும் கன்னத்தின் பக்கவாட்டும் கற்பனையில் வரும். மடிக்குள் மறைந்திருக்கும் கையை ஆட்டச் சொன்னால் ஆறு விரல் வந்தாலும் ஆச்சரியமில்லை. படத்தில் இல்லாததைக் கேட்டால் வேறு ஒருவருடையது வந்து சேரும்.

4. பிராம்ப்ட்டை இந்த வரிசையில் எழுதுங்கள்

சித்தப்பா மகன் எழுதியது இது:

```
My grandparents smile, look at each other and wave
at the camera, cinematic, emotional
```

ஆசையோடு எழுதியதுதான். ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லும் முகத்தை இழுக்கிறது. சிரிப்பு பல்லைக் கொண்டுவருகிறது, ஒருவரையொருவர் பார்ப்பது இரண்டு முகத்தையும் பக்கவாட்டில் திருப்புகிறது, கையசைப்பு மறைந்த விரல்களை வரையவைக்கிறது. `cinematic` என்றதும் கேமரா நகரும், வெளிச்சம் மாறும். `emotional` என்றதும் கண் கலங்கும், புருவம் சுருங்கும். `grandparents` என்ற சொல்கூட ஆபத்துதான். படத்தில் பாட்டிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அந்தச் சொல்லைப் படித்த கருவி நரையையும் சுருக்கத்தையும் கொண்டுவந்து சேர்த்தது.

நான் கடைசியில் வந்து நின்ற வடிவம் இது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இந்தக் கருவிகள் தமிழைவிட அதைத்தான் நம்பகமாகப் புரிந்துகொள்கின்றன.

```
Static locked-off camera. The seated man and woman hold
still, facing forward, lips closed, breathing softly.
The leaves in the upper left sway slightly in a light
breeze. Slow, subtle motion. Black and white, steady light.
```

முதலில் கேமரா. கேமரா நிற்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால் பெரும்பாலான கருவிகள் மெல்ல முன்னே போகும். முன்னே போனால் முகம் பெரிதாகும், பெரிதான முகத்தில் புதிய நுணுக்கங்களை நிரப்பியாக வேண்டும், அங்கே சாயல் மாறும். ஜூம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதைப் பத்தாவது படியில் வேறு வழியில் சேர்க்கலாம், இங்கே வேண்டாம்.

அடுத்து ஆட்கள். அவர்கள் யார், எப்படி இருக்கிறார்கள் என்று வருணிக்காதீர்கள். அதெல்லாம் படத்திலேயே இருக்கிறது. 'உட்கார்ந்திருக்கும் ஆணும் பெண்ணும்' என்று, அசைவு யாரைச் சேர்ந்தது எனக் காட்டும் அளவுக்குப் போதும். அழகான, வயதான, இந்திய, மகிழ்ச்சியான என்று எந்த அடைமொழி போட்டாலும், அந்தச் சொல்லுக்குக் கருவி மனத்தில் வைத்திருக்கும் பொதுவான முகம் உங்கள் பாட்டியின் முகத்தோடு கலக்கும்.

பிறகு அவர்கள் இருக்கும் நிலை. நேராகப் பார்த்தபடி, உதடு மூடியபடி, அசையாமல். இந்த மூன்றையும் படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். படத்தில் தாத்தா சற்று இடப்பக்கம் பார்க்கிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள். `facing forward` என்று பொதுவாக எழுதினால் அவர் முகம் மெல்ல நேராகத் திரும்பும்.

அதற்குப் பிறகுதான் அசைவு, அதுவும் இருக்கும் இடத்தோடு சேர்த்து. `the leaves in the upper left` என்று இடம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெறுமனே காற்று வீசுகிறது என்றால் அது பாட்டியின் தலைமுடியிலும் வீசும், முடி அசைந்தால் நெற்றியின் எல்லை மாறும், நெற்றி மாறினால் ஆள் மாறிப்போகிறார்.

கடைசியில் வேகமும் நிறமும். கறுப்பு வெள்ளை என்று எழுதாவிட்டால், மூன்றாவது நொடியில் உதட்டில் லேசான சிவப்பு ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். பழுப்பேறிய படம் என்றால் `sepia tone` என்று எழுதுங்கள். `steady light` என்பது மினுமினுப்பைக் குறைக்க.

இவ்வளவுக்கு மேல் நீட்ட வேண்டாம். நாலைந்து சிறிய வாக்கியங்கள் போதும். நீளமாக எழுதினால், எழுதிய எல்லாவற்றையும் ஐந்து நொடிக்குள் செய்துகாட்டக் கருவி முயலும்.

5. 'வேண்டாம்' என்பதை எங்கே எழுதுவது

புதியவர்கள் எல்லோரும் `do not change the face, no talking` என்று பிராம்ப்ட்டிலேயே எழுதுகிறார்கள். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பல மாதிரிகள் 'வேண்டாம்' என்பதை விட்டுவிட்டு `talking` என்பதைப் பிடித்துக்கொள்கின்றன. மறுப்புச் சொற்கள் எதிர்மாறான பலனைத் தரலாம் என்று, இத்தகைய கருவியைச் செய்யும் ரன்வே நிறுவனமே தன் பிராம்ப்ட் வழிகாட்டியில் சொல்கிறது. ஆகவே முதன்மைப் பெட்டியில் எப்போதும் நேர்மறையாக எழுதுங்கள். பேச வேண்டாம் என்பதற்குப் பதில் `lips closed`, திரும்ப வேண்டாம் என்பதற்குப் பதில் `facing forward`.

கிளிங், வான் போன்ற கருவிகளின் பல பதிப்புகளில் வேண்டாதவற்றுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அங்கே மறுப்புச் சொல்லே இல்லாமல், வேண்டாத பொருள்களின் பெயரை மட்டும் அடுக்குங்கள்:

```
talking, open mouth, teeth, head turning, face morphing,
zoom, camera shake, color, fast motion
```

அந்தப் பெட்டிக்குள் போய் `no teeth` என்று எழுதிவிடாதீர்கள். அது கணக்கில் கழித்தலைக் கழிப்பது மாதிரி.

6. செட்டிங்: நீளம், எண், ஒலி

ஐந்து நொடியோ அதற்குச் சற்று முன்பின்னோ, கருவி தரும் குறைந்த நீளத்தை எடுங்கள். முதல் ஃப்ரேம் உங்கள் படம். அங்கிருந்து போகப் போக முகம் அசலை விட்டு விலகுகிறது. எட்டு, பத்து நொடி வீடியோவில் கடைசி மூன்று நொடி எனக்குப் பயன்பட்டதே இல்லை.

அசைவின் அளவைக் குறைக்க ஒரு பட்டை இருந்தால் குறைந்த பக்கம் வையுங்கள். பிராம்ப்ட்டைத் தானாக மேம்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய நாலு வரியை அது பத்து வரி வருணனையாக்கிவிடும், அதில் சிரிப்பும் கண்ணீரும் வந்து சேரும். சீட் என்பது கருவி எந்தத் தொடக்கத்திலிருந்து வரைகிறது என்பதைக் குறிக்கும் எண். அதைக் காட்டும் கருவியாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

வியோ 3 போன்ற சில கருவிகள் ஒலியையும் சேர்த்தே உருவாக்குகின்றன. ஒலி வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வாய் திறக்கும். ஒலியை அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் `silent, only soft wind` என்று பிராம்ப்ட்டில் சேருங்கள். படத்தில் குழந்தைகள் இருந்தால் சில கருவிகள் ஏற்க மறுக்கும். அதைச் சுற்றிப்போக முயலாமல், பெரியவர்கள் மட்டும் உள்ள வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர் இன்று உயிரோடு இருந்தால், இணையத்தில் ஏற்றும் முன் அவரைக் கேளுங்கள்.

7. ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம்

எங்கள் படத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ஓட்டத்தில் மேலே கொடுத்த பிராம்ப்ட்டிலிருந்து மூச்சை எடுத்துவிட்டு, இலை மட்டும் அசையும்படி எழுதினேன். முகங்கள் அப்படியே நின்றன. இது முக்கியமான சோதனை. முகத்தில் எதுவுமே கேட்காதபோதும் முகம் மாறுகிறது என்றால் குறை பிராம்ப்ட்டில் இல்லை, முகம் சிறியதாக இருக்கிறது. முதல் படிக்குத் திரும்பி இன்னும் நெருக்கமாக வெட்டுங்கள்.

இரண்டாவது ஓட்டத்தில், அதே சீட் எண்ணோடு `breathing softly` மட்டும் சேர்த்தேன். தோள்கள் அசைந்தன, ஆனால் தாத்தாவின் தலையும் சேர்ந்து ஆமாம் ஆமாம் என்பது போல ஆடியது. மூன்றாவதில் `breathing softly` என்பதை இப்படி மாற்றினேன்:

```
only their shoulders rise and fall faintly
```

தலை நின்றுவிட்டது. மூச்சு என்ற பொதுச் சொல்லுக்குப் பதில் எந்த உறுப்பு அசைய வேண்டும் என்று சொன்னதுதான் வித்தியாசம்.

நான்காவதில் கண்சிமிட்டலைச் சேர்த்தேன்: `the woman blinks once, slowly`. இது எல்லோருக்கும் பிடித்த அசைவு, ஆனால் பார்ப்பதைவிட ஆபத்தானது. கண் மூடும் நொடியில் அசல் கண் மறைந்துவிடுகிறது. திறக்கும்போது கருவி அதை மறுபடி வரைகிறது. என் வீடியோவில் பாட்டியின் கண் திறந்தபோது பார்வை ஓர் இழை வலப்பக்கம் போயிருந்தது. மூன்று வேறு சீட் எண்களில் ஓட்டியதில் ஒன்றில்தான் பார்வை அதே இடத்துக்குத் திரும்பியது. அதனால்தான் கண்சிமிட்டலைக் கடைசியாகச் சேர்க்கச் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு அதைக் கேட்கவே வேண்டாம். கண்ணாடிச் சட்டமும் இமையோடு சேர்ந்து வளைகிறது.

மூன்று மாற்றத்தை ஒரே ஓட்டத்தில் செய்தால், எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் கிரெடிட் தீர்ந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிராம்ப்ட்டையும் சீட் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

8. முகத்தை நிறுத்தி வைத்துப் பாருங்கள்

ஓடும் வீடியோவில் முக மாற்றத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். மாற்றம் மெல்ல மெல்ல நடப்பதால் கண் அதற்குப் பழகிவிடுகிறது. ffmpeg என்ற இலவச நிரலை நிறுவி, டெர்மினலில் இந்தக் கட்டளையைக் கொடுத்து வீடியோவை நொடிக்கு இரண்டு நிலைப்படமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், `in.mp4` என்ற இடத்தில் உங்கள் வீடியோவின் பெயர் வரும்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=2 f%02d.png
```

ஐந்து நொடிக்குப் பத்துப் படம் வரும். முதலாவதையும் கடைசியையும் ஒரே அளவில் திறந்து, மாற்றி மாற்றிப் புரட்டுங்கள். முதலில் கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, பிறகு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் உள்ள தூரம், பிறகு தாடைக் கோடு. சாயல் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. அதன் பிறகு நகை, பொட்டு, மீசை ஓரம். மூக்குத்தி ஒரு ஃப்ரேமில் வலப்பக்கமும் அடுத்ததில் காணாமலும் போவது அடிக்கடி நடக்கும்.

கடைசிப் படம் மாறியிருந்தால் பத்தையும் வரிசையாகப் பார்த்து, மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். ஏழாவது படத்தில் தொடங்கினால் ஏறக்குறைய முதல் மூன்று நொடி நன்றாகவே இருக்கிறது. அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு அந்த மனிதரோடு வாழ்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். காட்டும் முன் எதுவும் சொல்லாதீர்கள், 'நன்றாக இருக்கிறதா' என்றும் கேட்காதீர்கள், உங்கள் மனம் நோகக் கூடாது என்று நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'இதில் எது சரியாக இல்லை?' என்று கேளுங்கள். நாம் பிக்சலை அளந்து கண்டுபிடிக்காததை அவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். நான் சரி என்று நினைத்திருந்த ஒரு வடிவத்தைப் பார்த்துவிட்டு அத்தை, "அப்பா இப்படி நிமிர்ந்து உட்கார மாட்டார்" என்றார். போய்ப் பார்த்தால், அசலில் சரிந்திருந்த இடது தோளைக் கருவி மெல்ல நேராக்கியிருந்தது.

9. இன்னும் மாறுகிறதா? முகத்தை மேலே ஒட்டுங்கள்

சில படங்கள் எதற்கும் மசியாது. மங்கலான படம், நிழல் விழுந்த முகம், தாடி அடர்ந்தவர். அப்போது செய்ய ஒரு வழி இருக்கிறது. கேமரா நிற்பதால்தான் இது முடிகிறது, அதனால்தான் நாலாம் படியில் அதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

வீடியோவின் முதல் ஃப்ரேமை எடுத்துக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -frames:v 1 first.png
```

கேப்கட், டாவின்சி ரிசால்வ் என எந்த எடிட்டரிலும், கீழே வீடியோவை வைத்து, அதன் மேல் இந்த நிலைப்படத்தை அதே அளவில் வையுங்கள். முகத்தைச் சுற்றி முட்டை வடிவில் மாஸ்க் போட்டு, முகம் மட்டும் தெரியும்படி விட்டு, ஓரத்தை நன்றாக மென்மையாக்குங்கள். இப்போது முகம் நிலைப்படம். இலையும் தோளும் புடவையும் வீடியோ. ஸ்கேனை நேரடியாக ஒட்டாமல் வீடியோவின் முதல் ஃப்ரேமை எடுப்பதற்குக் காரணம், கருவி வழியாகப் போனதில் வெளிச்சமும் கூர்மையும் கொஞ்சம் மாறியிருக்கும். ஸ்கேனை ஒட்டினால் அந்த வித்தியாசம் ஓரத்தில் தெரியும். முதல் ஃப்ரேமிலேயே முகம் மங்கியிருந்தால் மட்டும் ஸ்கேனைப் பயன்படுத்தி, வெளிச்சத்தைக் கையால் சரிசெய்யுங்கள்.

மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே கழுத்தின் நடுவில் முடியுங்கள். தாடைக் கோட்டிலேயே முடித்தால் தோள் அசையும்போது தலை மிதப்பது போல இருக்கும். அதன் மேல், முழுக் காட்சிக்கும் எடிட்டரில் உள்ள கிரெய்னை, அதாவது பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளிகளை, லேசாகப் போடுங்கள். சுற்றிலும் பொடி அசைந்துகொண்டிருக்க முகம் மட்டும் உறைந்திருந்தால் ஒட்டிய படம் என்று காட்டிக்கொடுத்துவிடும். மேலே ஒரே கிரெய்ன் ஓடினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

இந்த முறையில் கண்சிமிட்டல் கிடைக்காது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. கண் நிலைத்து நிற்க, பின்னால் இலை அசைய, தோள் ஏறி இறங்கும் படம், தவறான கண்ணோடு சிமிட்டும் படத்தைவிட எவ்வளவோ மேல்.

10. நீட்டுவது, ஜூம், பத்திரப்படுத்துவது

நல்ல மூன்று நொடி கையில் இருந்தால் அதை முன்னும் பின்னுமாக ஓட்டி ஆறு நொடி ஆக்கலாம். மூச்சும் இலையும் திரும்பி ஓடினாலும் இயல்பாகவே இருக்கும்.

```
ffmpeg -i in.mp4 -t 3 -an cut.mp4
ffmpeg -i cut.mp4 -filter_complex "[0:v]split[a][b];[b]reverse[r];[a][r]concat=n=2:v=1:a=0[v]" -map "[v]" loop.mp4
```

முதல் வரி மூன்று நொடியை வெட்டி ஒலியை நீக்குகிறது, இரண்டாவது வரி திருப்பி ஒட்டுகிறது. ஊதுவத்திப் புகை, விழும் இலை, நடக்கும் ஆள் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், புகை கீழே இறங்கும். இப்படி ஓட்டினால் வீடியோ தொடங்கிய இடத்திலேயே, அதாவது அசல் முகத்திலேயே வந்து முடிகிறது. இதற்காகவே நான் எல்லாப் படத்துக்கும் இதைச் செய்கிறேன்.

ஜூம் வேண்டுமென்றால் இப்போது எடிட்டரில் சேருங்கள். ஆறு நொடியில் நூறிலிருந்து நூற்றைந்து சதவீதம் வரை பெரிதாக்கினால் போதும். இங்கே பெரிதாவது பிக்சல் மட்டும், யாரும் புதிதாக எதையும் வரைவதில்லை.

அசல் ஸ்கேனைத் தனியாக, வேறு பெயரில், வேறு இடத்தில் வையுங்கள். வீடியோ கோப்பின் பெயரிலேயே 'அசைவு சேர்த்தது' என்று எழுதிவிடுங்கள். இருபது வருஷம் கழித்து ஒரு பேத்தி இதைப் பார்த்து, அந்தக் காலத்தில் தாத்தாவிடம் வீடியோ கேமரா இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் படத்தின் கடைசி வடிவத்தில் தாத்தா முகம் ஒட்டியது, பாட்டி முகம் வீடியோவிலேயே நின்றது, அவருடைய கண்சிமிட்டலும் இருந்தது. அத்தையிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். எது சரியாக இல்லை என்று கேட்டேன். "அந்த வேப்பமரம் இப்ப இல்லையே" என்றார்.